10,000 மதிப்புள்ள சீட்டை 9,000-க்கு விற்பவர் ஏமாளியா? சமத்தொகை, எதிர்பார்ப்புப் பயன்பாடு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நிச்சயமாகக் கிடைக்கும் ஒரு தொகை, சராசரியில் அதைவிட அதிகம் தரும் ஒரு பந்தயம், இரண்டில் எதை எடுப்பது என்பதுதான் இங்கே விஷயம். புதிதாக உதாரணம் தேடாமல், 1738-ல் கணிதவியலாளர் டேனியல் பெர்னூலி எழுதிய பழைய உதாரணத்தையே எடுத்துக்கொள்கிறேன். இந்தத் துறையே அந்தக் கட்டுரையிலிருந்துதான் கிளம்பியது, அதில் உள்ள எண்களை இன்றும் ஒரு கால்குலேட்டரில் சரிபார்க்கலாம்.

சமத்தொகைன்னா என்ன? ரெண்டு வரியில சொல்லுங்க.

ஒரு பந்தயத்துக்குப் பதிலாக "இந்தா, இவ்வளவு நிச்சயம், வாங்கிக்கொள்" என்று ஒருவர் நீட்டும்போது, எந்தத் தொகையில் உங்களுக்கு இரண்டும் ஒன்றுதான் என்று தோன்றுகிறதோ அதுதான் அந்தப் பந்தயத்துக்கு உங்களுடைய சமத்தொகை. ஆங்கிலத்தில் சர்ட்டன்டி ஈக்விவலன்ட் என்பார்கள். அதற்கு மேல் ஒரு ரூபாய் கொடுத்தால் பணத்தை வாங்கிக்கொள்வீர்கள், ஒரு ரூபாய் குறைத்தால் பந்தயத்தையே வைத்துக்கொள்வீர்கள். "உங்களுடைய" என்ற சொல்தான் இதில் முக்கியம், ஏனென்றால் ஒரே பந்தயத்துக்கு உங்களுக்கும் எனக்கும் சமத்தொகை வேறு வேறாக இருக்கும்.

அந்தச் சீட்டுக் கதை என்ன?

பெர்னூலி சொல்வது இது. ஓர் ஏழையின் கையில் ஒரு லாட்டரிச் சீட்டு வந்து சேருகிறது. அதற்கு 20,000 டுகாட், அதாவது அந்தக் காலத்துத் தங்கக் காசு, பரிசு விழலாம், அல்லது ஒன்றுமே விழாமல் போகலாம். இரண்டுக்கும் சரிபாதி வாய்ப்பு. சராசரி 10,000. யாரோ வந்து 9,000 தருகிறேன், சீட்டைக் கொடு என்கிறார். விற்றால் அந்த ஏழை தவறு செய்தவராகிவிடுவாரா? இல்லை என்கிறார் பெர்னூலி. அதோடு நிற்காமல், பெரும் பணக்காரர் ஒருவர் அந்தச் சீட்டை 9,000-க்கு வாங்க மறுத்தால் அவர்தான் தவறு செய்கிறார் என்றும் சொல்கிறார். ஒரே சீட்டு, ஒரே விலை, விற்றவரும் சரி வாங்கியவரும் சரி. சராசரியை மட்டும் வைத்துப் பார்ப்பவருக்கு இது முரணாகத்தான் படும்.

சராசரி 10,000 இருக்கும்போது 9,000-க்குக் குடுக்கிறது எப்படிங்க சரியாகும்?

முதல் பத்தாயிரமும் இரண்டாவது பத்தாயிரமும் ஒரே அளவு உதவுவதில்லை, அதனால்தான். கையில் 1,000 மட்டும் உள்ளவருக்கு முதல் 10,000 கிடைத்தால் கடன் தீரும், கூரை மாறும், அடுத்த வருஷச் சாப்பாட்டுக் கவலை போகும். அதற்கு மேல் இன்னொரு 10,000 வந்தால் நல்லதுதான், ஆனால் முதலாவது செய்த வேலையை அது செய்யாது. பள்ளிப் பாடப் புத்தகத்தில் "குறைந்து செல் இறுதிநிலைப் பயன்பாட்டு விதி" என்று படித்திருப்பீர்களே, அதுவேதான். சராசரி எடுக்கும் முறை இரண்டு பத்தாயிரங்களையும் சம எடையில் வைக்கிறது. சீட்டை வைத்துக்கொள்வது என்றால், நிச்சயமாக வரும் 9,000-ஐ, கிட்டத்தட்ட முதல் பத்தாயிரத்தையே, பணயம் வைத்து இரண்டாவது பத்தாயிரத்தைத் துரத்துவது. கனமானதைக் கொடுத்து லேசானதைப் பிடிக்கும் பேரம் அது, அதுவும் பாதி வாய்ப்பில்.

சரி, அதை எண்ணில் காட்டுங்க. படிப்படியா.

பெர்னூலி வைத்த அனுமானம் ஒன்றே ஒன்று: ஒரு சிறு வரவு தரும் பயன், ஏற்கெனவே கையில் இருக்கும் சொத்துக்குத் தலைகீழ் விகிதத்தில் இருக்கும். இருப்பு இரண்டு மடங்கானால் அடுத்த ரூபாயின் பயன் பாதியாகும். இந்த அனுமானத்திலிருந்து மடக்கைச் சார்பு, அதாவது log, தானாக வந்து விழுகிறது.

நம் ஆளிடம் 1,000 டுகாட் இருக்கிறது என்று வைப்போம். பத்தை அடிமானமாகக் கொண்ட மடக்கையில் 1,000-த்தின் பயன்பாடு 3. சீட்டில் பரிசு விழுந்தால் அவரிடம் மொத்தம் 21,000, அதன் மடக்கை 4.3222. விழாவிட்டால் அதே 3. இரண்டுக்கும் சரிபாதி வாய்ப்பு என்பதால் கூட்டிப் பாதியாக்கினால் 3.6611. இதுதான் எதிர்பார்ப்புப் பயன்பாடு. இந்த எண்ணை அப்படியே விட்டுவிட்டால் அதற்குப் பொருளில்லை, திரும்பப் பணமாக மாற்ற வேண்டும். எந்தத் தொகையின் மடக்கை 3.6611? சுமார் 4,583. அதில் அவர் ஏற்கெனவே வைத்திருந்த 1,000-ஐக் கழித்தால் 3,583. இந்தச் சீட்டுக்கு அவருடைய சமத்தொகை இதுதான்.

இப்போது 9,000-ஐப் பாருங்கள். விற்றால் அவரிடம் மொத்தம் 10,000, மடக்கை சரியாக 4. சீட்டை வைத்துக்கொண்டால் 3.66. போட்டியே இல்லை. 5,000-க்குக் கேட்டாலும் அவர் விற்கலாம், 4,000-க்குக் கேட்டாலும் விற்கலாம்.

மேலே சொன்ன இரண்டு பத்தாயிரங்களும் இதே கணக்கில் தெரியும். 1,000-லிருந்து 11,000 போகும்போது மடக்கை 1.04 கூடுகிறது. 11,000-லிருந்து 21,000 போகும்போது வெறும் 0.28. கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்கு.

எல்லாருக்கும் அதே 3,583-தானா?

இல்லை. கையிருப்பு மாறினால் சமத்தொகையும் மாறும். கையிருப்பை W என்று வைத்தால் மடக்கைக் கணக்கு ஒரு வரியில் அடங்கிவிடும், ஏனென்றால் சரிபாதி வாய்ப்பில் மடக்கைகளின் சராசரியைத் திரும்பப் பணமாக்கினால் வருவது இரண்டு தொகைகளின் பெருக்கல் சராசரிதான், அதாவது இரண்டையும் பெருக்கி எடுக்கும் வர்க்கமூலம். ஷீட்டில் A2-ல் கையிருப்பைப் போட்டு இதை எழுதிப் பாருங்கள்:

```
=SQRT(A2*(A2+20000))-A2
```

100 டுகாட் உள்ளவருக்குச் சுமார் 1,318 வரும், 10,000 உள்ளவருக்கு 7,321, ஒரு லட்சம் உள்ளவருக்கு 9,545. சொத்து ஏற ஏற 10,000-ஐ நெருங்கிக்கொண்டே போகும், ஒருபோதும் தொடாது. பெரும் பணக்காரர் சராசரியைப் பார்த்தே முடிவெடுக்கலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் எனக்குத் தெரியவில்லை. அவருடைய தைரியத்தைப் பற்றி இந்தக் கணக்கு எதுவும் சொல்லவில்லை, அவருக்கு இந்தத் தொகை சின்னது, அவ்வளவுதான்.

அப்போ விக்கிறவருக்கு லாபம்னா வாங்குறவருக்கு நஷ்டம்தானே?

இருவருக்கும் லாபம். எனக்கு இந்தப் பாடத்திலேயே மிகப் பிடித்த இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

சீட்டு வைத்திருப்பவரின் சமத்தொகை எப்போது சரியாக 9,000 ஆகும்? மேலே உள்ள சூத்திரத்தை 9,000-க்குச் சமமாக வைத்துத் தீர்த்தால் W = 40,500 வரும். ஆக, சீட்டு போக 40,500-க்குக் குறைவாக வைத்திருப்பவர் எவரும் 9,000-க்கு விற்பதே நல்லது. வாங்குபவரின் கணக்கு வேறு. அவர் முதலில் 9,000-ஐக் கையிலிருந்து எடுத்துக் கொடுக்கிறார், பிறகுதான் பந்தயம். பரிசு விழாவிட்டால் அவரிடம் W − 9000, விழுந்தால் W + 11000. இவை இரண்டின் பெருக்கல் சராசரி அவருடைய பழைய W-ஐ எட்ட வேண்டும். தீர்த்தால் 49,500. அதற்கு மேல் சொத்துள்ளவர் வாங்குவது நல்லது.

40,500-க்கும் 49,500-க்கும் நடுவே சரியாக 9,000 வித்தியாசம் இருப்பதைக் கவனித்தீர்களா? 40,500-ம் சீட்டும் வைத்திருப்பவர், 49,500-லிருந்து 9,000 கொடுத்துச் சீட்டை வாங்கி முடித்தவர், இருவரும் நிற்பது ஒரே இடம். ஆகவே விற்கச் சம்மதிக்கும் விலையும் வாங்கச் சம்மதிக்கும் விலையும் ஒரே ஆளுக்கே வேறுபடும். "விற்க 3,583 கேட்கிறாயே, அப்படியென்றால் அதே விலைக்கு வாங்குவாயா?" என்று 1,000 டுகாட் உள்ளவரை மடக்கப் பார்ப்பது நியாயமில்லை, அவரிடம் அவ்வளவு காசே கிடையாது.

இன்சூரன்ஸ்ல கம்பெனிதான் சம்பாதிக்குது. தெரிஞ்சும் ஏன் எடுக்கணும்?

இதற்கும் பெர்னூலியே ஒரு கணக்கு வைத்திருக்கிறார். கையஸ் என்ற வணிகர் ஆம்ஸ்டர்டாமில் சரக்கு வாங்கியிருக்கிறார், பீட்டர்ஸ்பர்க் கொண்டுவந்து சேர்த்தால் 10,000 ரூபிளுக்கு விற்கலாம். அந்தப் பருவத்தில் நூறு கப்பலில் ஐந்து மூழ்கும். காப்பீட்டுக்கு 800 ரூபிள் கேட்கிறார்கள். சராசரி இழப்பு 500-தான், ஆக 300 அதிகம். பார்த்தால் அநியாய விலை.

கையஸிடம் இந்தச் சரக்கு போக 3,000 ரூபிள் இருக்கிறது என்று வைப்போம். காப்பீடு எடுத்தால் நிச்சயமாக 12,200. எடுக்காவிட்டால் 95 சதவீத வாய்ப்பில் 13,000, ஐந்து சதவீதத்தில் வெறும் 3,000. மடக்கை எடுத்து, எடை போட்டுக் கூட்டி, திரும்பப் பணமாக்கினால் சுமார் 12,081. காப்பீடுதான் மேல், 919 ரூபிள் வரை கேட்டாலும் கொடுக்கலாம். அதே கையஸிடம் 20,000 இருந்தால் கதை திரும்பிவிடும்: காப்பீடு இல்லாமல் அவருக்குச் சமமான மொத்தத் தொகை சுமார் 29,398, காப்பீட்டோடு 29,200. வேண்டாம் என்று சொல்லிவிடலாம். எல்லைக்கோடு எங்கே என்றும் பெர்னூலி கணக்கிட்டிருக்கிறார், சரக்கு போகக் கையில் 5,043 ரூபிள். 800-க்கு இந்த ஆபத்தை ஏற்பவரிடம் குறைந்தது 14,243 ரூபிள் இருக்க வேண்டும். இரண்டுக்கும் வித்தியாசம் 9,200, அதாவது 10,000-லிருந்து 800 போக மீதி. சீட்டில் பார்த்த அதே அமைப்பு.

ஆக, எந்தப் பொருளுக்குக் காப்பீடு எடுப்பது என்பது பொருளின் விலையை மட்டும் பார்த்துச் சொல்லக்கூடியதல்ல. அது போய்விட்டால் மீதி என்ன இருக்கும் என்பதைப் பார்த்துச் சொல்ல வேண்டியது.

ஒரே கப்பல்ல போடாம ரெண்டுல பிரிச்சா?

சமத்தொகை ஏறும், சராசரி அப்படியே இருக்கும். பெர்னூலியின் செம்ப்ரோனியஸுக்கு ஊரில் 4,000 டுகாட், கடலுக்கு அப்பால் 8,000 டுகாட் சரக்கு, பத்தில் ஒரு கப்பல் மூழ்கும். எப்படி ஏற்றினாலும் சராசரி 7,200. எல்லாவற்றையும் ஒரே கப்பலில் ஏற்றினால் சரக்கின் சமத்தொகை 6,751, இரண்டு கப்பலில் பாதிப் பாதியாக ஏற்றினால் 7,033. ஒரு காசு செலவில்லாமல் கிடைக்கும் 282. இரண்டு கப்பலும் தனித்தனியே ஆபத்தைச் சந்திக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஒரே புயலில் இரண்டும் சேர்ந்து மாட்டிக்கொள்ளும் என்றால் இந்தக் கூடுதல் கிடைக்காது.

மடக்கைதான்னு யார் சொன்னா? வேற சார்பு போட்டா?

வேறு விடை வரும். பெர்னூலிக்குப் பத்து வருஷம் முன்பே, 1728-ல் கேப்ரியல் கிராமர் என்ற கணிதவியலாளர் ஒரு கடிதத்தில் வர்க்கமூலத்தைப் போட்டுப் பார்த்தார். நம் 1,000 டுகாட் ஆளுக்கு அதைப் போட்டால் சமத்தொகை 3,583-க்குப் பதிலாகச் சுமார் 6,791. 9,000-க்கு விற்பது அப்போதும் சரிதான், ஆனால் 5,000-க்கு விற்பது இப்போது தவறாகிவிடுகிறது. பயன்பாட்டுச் சார்பை வரைந்தால் வரும் வளைகோடு எவ்வளவு அதிகமாக வளைகிறதோ அவ்வளவு எச்சரிக்கையானவர் என்று பொருள். கீழ்நோக்கி வளையும் எந்தச் சார்பிலும் சமத்தொகை சராசரிக்குக் கீழேதான் வரும், எவ்வளவு கீழே என்பதைச் சார்புதான் முடிவு செய்யும்.

மடக்கையின் அடிமானம் பத்தா வேறா என்று கவலைப்பட வேண்டாம். எல்லாப் பயன்பாட்டு எண்களையும் ஒரே எண்ணால் பெருக்கினாலும், ஒரே எண்ணைக் கூட்டினாலும், பணமாகத் திருப்பும்போது அது அடிபட்டுப் போய்விடும்.

நான் போட்டா விடை 141-னு வருது. எங்க தப்பு?

கையிருப்பைச் சேர்க்காமல் பரிசுத் தொகைக்கு மட்டும் மடக்கை எடுத்திருக்கிறீர்கள். பூஜ்யத்துக்கு மடக்கை கிடையாது என்று வந்ததும், அதைச் சமாளிக்க 1 போட்டிருப்பீர்கள். 1-ஐயும் 20,000-ஐயும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 141 வரும். கணக்குக்குள் போக வேண்டியது பந்தயம் முடிந்த பின் கையில் இருக்கும் மொத்தத் தொகை.

மாறாக 10,000-க்கு மேல் வந்தால், அநேகமாகக் கடைசியில் கையிருப்பைக் கழிக்க மறந்திருப்பீர்கள். சரியாக 10,000 வந்தால், முதலில் தொகைகளைச் சராசரி எடுத்துவிட்டுப் பிறகு மடக்கை போட்டிருப்பீர்கள். மடக்கை முதலில், சராசரி பிறகு.

கையில ஒண்ணுமே இல்லாதவருக்கு இந்தக் கணக்கு உடையுதே?

W பூஜ்யமானால் சமத்தொகையும் பூஜ்யம் என்று வரும், அது அபத்தம்தான். பெர்னூலி இதை முன்பே யோசித்துவிட்டார். சொத்து என்று அவர் சொன்னது பெட்டியில் உள்ள காசை மட்டுமல்ல, சம்பாதிக்கும் திறனையும் சேர்த்துத்தான். பிச்சை எடுத்து வருஷம் பத்து டுகாட் பெறுபவரிடம், இனி எந்த நாளும் பிச்சையெடுக்கக் கூடாது என்ற நிபந்தனையில் 50 டுகாட் நீட்டினால் அவர் வாங்கமாட்டார் என்கிறார். ஆக அவருக்கும் 50-க்கு மேல் சொத்து இருக்கிறது. வேலையில் சேர்ந்து ஒரு வருஷமான, சேமிப்பில்லாத ஓர் இளைஞருக்கும் இதே நியாயம்தான்.

என்னோட சமத்தொகையை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

கேட்டுக் கேட்டு நெருக்க வேண்டும். என் சித்தப்பாவிடம் இப்படிச் செய்து பார்த்தேன். காசு சுண்டுகிறோம், பூ விழுந்தால் ஒரு லட்சம் ரூபாய், தலை விழுந்தால் ஒன்றுமில்லை. "இதுக்குப் பதிலா 50,000 குடுத்தா?" பணத்தை எடுத்தார். 20,000? "சுண்டிப் பார்த்துடலாம்." 35,000? பணம். 28,000 என்றதும் ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். அந்த மௌனம்தான் விடை. நேரடியாக "எவ்வளவுக்கு விப்பீங்க?" என்று கேட்டிருந்தால் பேரம் பேசுகிற பழக்கத்தில் ஏற்றிச் சொல்லியிருப்பார், அதனால் ஆம்–இல்லை என்ற வடிவில் கேட்பதுதான் நம்பகமானது. கேள்விகளை ஏறுமுகமாக அடுக்கவும் கூடாது, மேலும் கீழுமாகத் தாவ வேண்டும்.

அவரோட விடை மடக்கைக் கணக்குக்குப் பொருந்துதா?

பொருந்தவில்லை, இதை மறைக்கக் கூடாது. சமத்தொகை 28,000 என்று வைத்துச் சூத்திரத்தைப் பின்னோக்கித் தீர்த்தால் அவருடைய மொத்தச் சொத்து சுமார் 17,800 ரூபாய் என்று வருகிறது. வீட்டையும் சேமிப்பையும் சேர்த்தால் அவருக்கு 20 லட்சத்துக்குக் குறையாது. 20 லட்சத்தில் மடக்கை தரும் சமத்தொகை 49,390, கிட்டத்தட்ட முழுச் சராசரி.

காரணம் எளிது. சொத்தோடு ஒப்பிடச் சின்னதாக இருக்கும் பந்தயத்தில் வளைகோடு கிட்டத்தட்ட நேர்கோடுதான். சராசரிக்கும் சமத்தொகைக்கும் உள்ள இடைவெளி பந்தய அளவின் வர்க்கத்தில் கூடும். 10,000 வைத்திருப்பவருக்கு நூறு கூடும் அல்லது நூறு குறையும் என்ற சரிபாதிப் பந்தயத்தின் இடைவெளி அரை ரூபாய், அதையே ஆயிரமாக்கினால் 50, ஐயாயிரமாக்கினால் 1,340. சின்னப் பந்தயத்தில் மனிதர்கள் காட்டும் தயக்கம் இதைவிடப் பல மடங்கு பெரியது.

அதிகமா வளையுற சார்பைப் போட்டுட்டா சரியாகிடாதா?

அதற்குத்தான் பொருளியலாளர் மேத்யூ ரேபின் 2000-ஆம் ஆண்டில் வழியை அடைத்தார். 110 டாலர் வரலாம் அல்லது 100 டாலர் போகலாம் என்ற சரிபாதிப் பந்தயத்தை, எவ்வளவு சொத்து இருந்தாலும் வேண்டாம் என்பவர் ஒருவர் இருக்கிறார் என்று வையுங்கள். கேட்க இயல்பாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தத் தயக்கம் முழுவதையும் பயன்பாட்டு வளைகோட்டின் தலையில் கட்டினால், அவர் 1,000 டாலர் போகும் சரிபாதிப் பந்தயத்தை மறுபக்கம் எத்தனை கோடி வைத்தாலும் மறுக்க வேண்டிவரும் என்று ரேபின் நிறுவினார். அப்படி யாரும் இல்லை. ஆகவே சித்தப்பாவின் 28,000-க்குக் காரணம் செல்வத்தின் வளைகோடு மட்டுமல்ல, வேறு ஏதோவும் சேர்ந்திருக்கிறது. என் ஊகம், அவர் வீட்டைக் கணக்கில் சேர்க்கவே இல்லை, அந்த மாதம் கையில் உள்ள ரொக்கத்தோடு ஒப்பிட்டுத்தான் யோசித்தார்.

அப்ப நான் எந்த W போடணும்?

கேள்வி உங்கள் வாழ்க்கையையே அசைக்கும் அளவு பெரியது என்றால், வீடு எரிவது, குடும்பத்தில் சம்பாதிப்பவர் போவது, சேமிப்பெல்லாம் போட்டுத் தொழில் தொடங்குவது மாதிரி, மொத்தச் சொத்தோடு வருங்கால வருமானத்தையும் சேர்த்துப் போடுங்கள். அங்கே மடக்கைக் கணக்கு நம்பத்தக்க எண்ணைத் தருகிறது. பந்தயம் மொத்தச் சொத்தில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு என்றால் கணக்கே போட வேண்டாம், சராசரியைப் பார்த்துவிட்டு எடுங்கள். மிக்சிக்குக் கூடுதல் வாரண்டி விற்க வருபவரிடம் நான் வேண்டாம் என்று சொல்வதும், வீட்டுக்குத் தீ காப்பீட்டைத் தவறாமல் புதுப்பிப்பதும் இந்த ஒரே கணக்கை வைத்துத்தான்.